கழிக்கப்பட்ட நடைகள்: லூஸ், பெரி கட்டுரையின் (1949) ஒரு மறுவாசிப்பு

அண்மை அணி A-யின் n-ஆம் அடுக்கில் (i, j) இடத்தில் நிற்கும் எண், முனை i-யிலிருந்து முனை j-க்கு n விளிம்பு நீளத்தில் உள்ள நடைகளின் எண்ணிக்கை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த எண்ணை எப்படி மதிப்பது என்பதில்தான் வேறுபாடு. நடை, சென்ற முனைக்கே திரும்பி வரலாம். பாதை எந்த முனையையும் இருமுறை தொடாது. குழுக்களின் உறவமைப்பை அணிகளால் ஆராய்வோரிடம் நெடுங்காலமாக ஒரு வாசிப்பு வேரூன்றியிருக்கிறது. பாதைகளைத்தான் எண்ண விரும்பினோம். அணியின் அடுக்கு அவற்றோடு திரும்பி வரும் நடைகளையும் கலந்து தருகிறது. ஆகவே அந்தக் கலப்பு ஒரு பிழை, அதைக் கழித்தெடுப்பதே முறையின் நிறைவு என்பது அதன் சாரம். இந்த வாசிப்புக்குத் தொடக்கச் சான்றாகக் காட்டப்படுவது, ஆர். டங்கன் லூஸும் ஆல்பர்ட் பெரியும் 1949இல் ‘சைக்கோமெட்ரிகா’ இதழில் வெளியிட்ட கட்டுரை. அந்தக் கட்டுரையையே கவனமாகப் படித்தால் அது எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது என்பது என் வாதம். அதன் ஆசிரியர்கள் இப்படித்தான் எண்ணினார்கள் என்று நான் கூறவில்லை. அவர்கள் நிறுவியவை எதைத் தாங்குகின்றன என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

கட்டுரையில் இரண்டு முடிவுகள் நமக்கு முக்கியம். முதலாவது, மூன்றடிச் சங்கிலிகளில் ஏதேனும் ஒருவர் இருமுறை வருபவை எத்தனை என்பது. தனக்குத்தானே விளிம்பு இல்லாத, ஆனால் திசையுள்ள உறவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். i → a → b → j என்ற நடையில் i-யும் j-யும் வேறானவை என்றால், மீள்வரவு இரண்டு வழிகளில்தான் நேரும். ஒன்று, b என்பது i-யாகவே இருப்பது; அப்படியானால் நடை i-யிலிருந்து ஒருவரிடம் போய்த் திரும்பி, பிறகு j-க்குச் செல்கிறது. மற்றது, a என்பது j-யாகவே இருப்பது. அப்போது நடை முதல் அடியிலேயே j-யை அடைந்து, ஒரு சுற்றுப் போய் வருகிறது. இரண்டும் ஒருசேர நிகழும் i → j → i → j என்ற நடை இருமுறை எண்ணப்பட்டுவிடுவதால் அதை ஒருமுறை குறைக்க வேண்டும். A²-இன் மூலைவிட்டத்தை மட்டும் வைத்துக்கொண்ட அணியை D என்றும், இருபுறமும் உள்ள உறவுகளை மட்டும் கொண்ட அணியை S என்றும் எழுதினால், கழிக்க வேண்டிய அளவு DA + AD − S. இந்தச் சூத்திரத்தைத்தான் முறையின் நிறைவுக்கான முதல் படி என்கிறார்கள். ஆனால் இதன் ஒவ்வோர் உறுப்பும் i, j இரண்டுக்கும் நேரடி உறவு இருந்தால் மட்டுமே பூச்சியமல்லாத மதிப்புப் பெறும். எஞ்சிய இணைகள் அனைத்திலும் A³ ஏற்கெனவே பாதைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது. சூத்திரம் இவ்வளவு எளிதாக அமைந்ததற்குக் காரணம் மூன்று என்ற நீளம். அதைப் பொதுவான ஒரு நெறியின் தொடக்கமாகக் கொள்வதற்கு இடமில்லை.

இரண்டாவது முடிவு கூட்டுகளைப் பற்றியது. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் இருபுறமும் உறவு கொண்டிருந்து, அப்படி மேலும் ஒருவரைச் சேர்க்க முடியாத நிலையில் இருந்தால் அது ஒரு கூட்டு. ஒருவர் ஏதேனும் ஒரு கூட்டில் இருக்கிறாரா என்பதை S³-இன் மூலைவிட்டத்தில் அவருக்குரிய எண் பூச்சியத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். கட்டுரையில் பிற்காலம் அதிகமாகக் கையாண்ட முடிவு இதுவே. இங்கே கழித்தலே இல்லை. i-யில் தொடங்கி i-யிலேயே முடியும் மூன்றடி நடை, இடையில் எந்த முனைக்கும் திரும்ப முடியாது. திரும்புவதற்கு அடி போதாது. ஆகவே மூன்று நீளத்தில் மூடிய நடையும் முக்கோணமும் ஒன்றேயாகின்றன. ஒரே கட்டுரை ஓரிடத்தில் அடுக்கை அப்படியே ஏற்று வலுவான முடிவு பெறுகிறது, இன்னோரிடத்தில் அதே அடுக்கிலிருந்து கழிக்கிறது. இந்த இரட்டை நிலையை மேற்சொன்ன வாசிப்பு கவனிப்பதில்லை. அடுக்கு தன்னளவில் குறையுள்ளது என்றால் கூட்டு பற்றிய முடிவும் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். கண்டதா என்பதை ஓர் உண்மையான வலையில் பார்ப்போம்.

பதினைந்தாம் நூற்றாண்டு பிளாரன்ஸ் நகரக் குடும்பங்களின் திருமண உறவுகளைப் பேட்ஜெட்டும் ஆன்செலும் 1993இல் ஆராய்ந்தனர். அந்தத் தரவுகளிலிருந்து பாடநூல்களில் வழங்கும் வலையில் 16 குடும்பங்கள், 20 திருமண இணைப்புகள். மெடிச்சி குடும்பத்துக்கு ஆறு இணைப்புகள்: அச்சாயூலி, அல்பிட்சி, பார்பதோரி, ரிதோல்ஃபி, சால்வியாத்தி, தொர்னபுவோனி. ஸ்ட்ரோட்சிக்கு நான்கு: பிஸ்கெரி, காஸ்தெல்லானி, பெருட்சி, ரிதோல்ஃபி. மெடிச்சிக்குரிய A³-இன் மூலைவிட்ட எண் 2. மெடிச்சி, ரிதோல்ஃபி, தொர்னபுவோனி என்ற ஒரே முக்கோணத்தை இரு திசைகளிலும் சுற்றி வந்ததுதான் அந்த 2. கூட்டு பற்றிய முடிவு பிசகவில்லை. ஓரடி கூட்டி A⁴-இன் மூலைவிட்டத்தைப் பார்த்தால் அதே மெடிச்சிக்கு 46 வருகிறது. அந்த 46இல் உண்மையான நான்முனைச் சுற்று மெடிச்சி, அல்பிட்சி, குவாதாஞ்ஞி, தொர்னபுவோனி என்ற ஒன்றுதான். இரு திசைகளுக்குமாக 2 நடைகள். மீதி 44 நடைகளும் போன வழியே திரும்புபவை. மூன்றிலிருந்து நான்குக்கு வருவதற்குள் நிலைமை இவ்வளவு மாறுகிறது என்றால், மாறியது அணி அல்ல. மூடிய நடைகளில் எண்ணப்படும் பொருளும் நாம் எண்ண நினைத்த பொருளும் மூன்றாம் அடியில் தற்செயலாக ஒன்றியிருந்தன. நான்காம் அடியில் பிரிந்துவிட்டன.

மெடிச்சிக்கும் ஸ்ட்ரோட்சிக்கும் இடையே நேரடித் திருமண உறவு இல்லை. இரண்டடி நடை ஒன்றே ஒன்று, ரிதோல்ஃபி வழியாக. மூன்றடி நடைகள் இரண்டு: ஒன்று பார்பதோரி, காஸ்தெல்லானி வழி, மற்றது தொர்னபுவோனி, ரிதோல்ஃபி வழி. இரண்டுமே பாதைகள், நேரடி உறவில்லாத இணையில் மூன்றடிக் கழித்தல் பூச்சியம் என்று மேலே கண்டதற்கு இது ஒத்துவருகிறது. நான்கடி நடைகள் 14. அவற்றில் பாதைகள் மூன்றுதான்: அல்பிட்சி, குவாதாஞ்ஞி, பிஸ்கெரி வழி ஒன்று, தொர்னபுவோனி, குவாதாஞ்ஞி, பிஸ்கெரி வழி ஒன்று, பார்பதோரி, காஸ்தெல்லானி, பெருட்சி வழி ஒன்று. கழிக்க வேண்டிய பதினொன்றும் ரிதோல்ஃபி வழியான அந்த ஒற்றை இரண்டடித் தொடர்பின் மேல் கட்டப்பட்டவை. மெடிச்சியிலிருந்து யாரிடமாவது போய்த் திரும்பி அதன் பின் புறப்படுபவை 6, ஸ்ட்ரோட்சியை அடைந்தபின் ஒருமுறை வெளியே போய்த் திரும்புபவை 4, நடுவில் ரிதோல்ஃபியிலிருந்து போய்த் திரும்புபவை 3. இரண்டு நடைகள் இருமுறை எண்ணப்பட்டதால் 13இலிருந்து 2 குறைந்து 11. இந்த எண்ணில் தாறுமாறு எதுவும் இல்லை. அந்தத் தொடர்பு எத்தனை இணைப்புள்ள முனைகளின் வழியே செல்கிறது என்பதை அது அளந்து சொல்கிறது.

கழித்தல்வாதிகள் இதற்கு விடை வைத்திருக்கக்கூடும்: முனைகளின் படி நமக்கு ஏற்கெனவே தெரியும், அதை மீண்டும் பதினொரு முறை கேட்கத் தேவையில்லை, பாதைகளை மட்டும் தரும் அணிகளை ஒவ்வொரு நீளத்துக்கும் அமைத்துக்கொண்டு அவற்றோடு வேலை செய்வோம். இங்கேதான் அந்த வாசிப்பு உடைகிறது என்று நினைக்கிறேன். அடுக்குகளுக்குள்ள பயன் முழுவதும் A⁴ = A² · A² என்ற சேர்க்கையிலிருந்து வருகிறது. நான்கடி நடையை நடு முனையில் இரண்டாக வெட்டலாம், ஏனெனில் இரண்டாம் பாதிக்கு முதல் பாதி எங்கெங்கே போனது என்பது தெரிய வேண்டியதில்லை. நிற்கும் முனை மட்டும் தெரிந்தால் போதும். மெடிச்சி–ஸ்ட்ரோட்சி 14-ஐ நடு முனைப்படி பிரித்தால், நடுவில் மெடிச்சியே நிற்பவை 6, ஸ்ட்ரோட்சியே நிற்பவை 4, பிறர் நிற்பவை 4. இப்போது இரண்டடிப் பாதைகளை மட்டும் கொண்ட அணியை, அதாவது A²-இன் மூலைவிட்டத்தை அழித்துவிட்டு எஞ்சியதை, தன்னோடு பெருக்கிப் பாருங்கள். முதல் இரு பகுதிகளும் போய்விடுகின்றன, 4 மிஞ்சுகிறது. ஆனால் பாதைகள் 3 தான். மிஞ்சிய கூடுதல் ஒன்று மெடிச்சி, ரிதோல்ஃபி, தொர்னபுவோனி, ரிதோல்ஃபி, ஸ்ட்ரோட்சி. அதன் இரு பாதிகளும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்ற பாதைகள். ரிதோல்ஃபி இரண்டிலும் இருப்பது சேர்த்த பிறகே தெரிகிறது. பாதைகளைச் சேர்ப்பதற்கு ஒவ்வொரு பாதியும் தான் தொட்ட முனைகளின் பட்டியலைச் சுமக்க வேண்டும். நிரையையும் நிரலையும் மட்டுமே அறிந்த அணிப் பெருக்கலுக்கு அந்தப் பட்டியலை வைக்க இடமில்லை. ஆகவே கழித்தல் என்பது அடுக்கைத் திருத்துவது அல்ல, அடுக்கைக் கைவிடுவது.

1952இல் ராஸும் ஹராரியும் இதே இதழில் இந்தக் கழித்தலை நீண்ட சங்கிலிகளுக்கு எடுத்துச்சென்றதை மறுப்பாகக் காட்டலாம். அவர்கள் செய்ததன் சரித்தன்மையில் எனக்கு ஐயமில்லை. குறிப்பிட்ட ஒரு நீளத்துக்குச் சூத்திரம் எழுத முடியும்; நீளம் கூடக்கூட மீள்வரவின் வகைகள் பெருகிச் சூத்திரமும் விரிந்துகொண்டே போகும். எல்லா நீளங்களுக்கும் எளிதில் கணக்கிடத்தக்க ஒரு சூத்திரம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. N முனைகள் உள்ள வலையில் N − 1 நீளப் பாதை என்பது எல்லா முனைகளையும் ஒவ்வொருமுறை தொட்டுச் செல்லும் ஹாமில்டன் பாதை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று அறிவதே கடினமான சிக்கல்களின் வகுப்பைச் சேர்ந்தது. இரு முனைகளுக்கிடையே உள்ள பாதைகள் அனைத்தையும் எண்ணுவதன் கடினத்தை வேலியன்ட் 1979இல் நிறுவினார். அதே வலையில் நடைகளை எண்ணுவதற்கோ சில அணிப் பெருக்கல்கள் போதும். அடுக்கை மீண்டும் மீண்டும் இருமடங்காக்கிச் சென்றால் பெருக்கல்களின் எண்ணிக்கை நீளத்தின் மடக்கையளவில்தான் வளரும்.

திசையுள்ள வலைகளில் திரும்பும் நடைகள் குறைவு என்ற மறுப்பு நெடுநேரம் நிறுத்தாது. சுற்றே இல்லாத திசை வலையில் நடையும் பாதையும் ஒன்றுதான், கழிக்க எதுவும் இல்லை. யார் யாரைத் தேர்ந்தார் என்று கேட்டு வரையும் வலைகளில் இருபுறத் தேர்வுகள் நிறைந்திருப்பதால்தான் S என்ற அணியே தேவைப்பட்டது. தொலைவைக் காண்பதற்குக் கழித்தல் வேண்டும் என்ற மறுப்பும் அப்படியே. (i, j) உறுப்பு முதன்முதலில் பூச்சியத்தை விட்டு எழும் அடுக்கில் உள்ள நடைகள் அனைத்தும் பாதைகளே, ஏனெனில் அவற்றில் ஒன்று ஏதேனும் ஒரு முனைக்குத் திரும்பியிருந்தால் அந்தச் சுற்றை வெட்டி இன்னும் குறுகிய நடை பெற்றிருக்கலாம்.

சற்று கனமான மறுப்பு செய்தி பரவுவதைப் பற்றியது: ஒரு செய்தி கேட்டவரிடமே திரும்பி வந்தால் அதற்குச் செல்வாக்கு ஏது? அந்தக் கேள்விக்குப் பாதைகளே பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது பாதைகளைத் தேடல் முறையால் நேரே பட்டியலிட வேண்டும், 16 முனை வலையில் அது சிறு வேலை. பணமோ நன்மதிப்போ கைமாறும்போது திரும்பி வருவது உண்மையிலேயே நிகழ்கிறது. லியோ காட்ஸ் 1953இல் தந்த நிலைக் குறியீடு எதையும் கழிக்காமல் எல்லா அடுக்குகளையும் கூட்டுகிறது. ஒவ்வோர் அடிக்கும் a என்ற தேய்மானத்தைப் பெருக்கி, நீண்ட நடைகளின் எடையைக் குறைக்கிறது. பிளாரன்ஸ் வலையில் மிகப் பெரிய படி 6 என்பதால் a, 1/6க்குக் கீழே இருந்தால் தொடர் உறுதியாகக் குவியும். a = 1/10 என்று வைத்தால் மெடிச்சி–ஸ்ட்ரோட்சி இணைக்கு இரண்டடி நடை 0.01, மூன்றடி 0.002, நான்கடி 0.0014, நான்கு அடி வரை கூட்டினால் 0.0134. பதினொன்றைக் கழித்துவிட்டுப் பாதைகளை மட்டும் கூட்டினால் 0.0123. வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டுக்காக, எல்லா நீளங்களையும் ஒரே நேர்மாறு அணியில் அடக்கித் தரும் (I − aA)⁻¹ என்ற வடிவத்தை இழக்க நேர்கிறது, ஏனெனில் பாதை அணிகளின் தொடருக்கு அப்படி ஒரு வடிவம் இல்லை.