வாய்ப்பாட்டுப் பாட்டு

வாய்ப்பாட்டுப் பாட்டு என்பது பெருக்கல் வாய்ப்பாட்டைச் சிறுவர்கள் தாளத்தோடு குரலெடுத்துச் சொல்லி மனனம் செய்யும் முறையாகும். ஒருவர் ஓர் அடியைச் சொல்ல மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வதும், ஒருவர் வினாவைச் சொல்ல மற்றவர்கள் விடையைச் சொல்வதும் இதன் இரு முதன்மை வடிவங்கள். இதற்கெனத் தனி இசையமைப்பாளரோ நிலையான மெட்டோ இல்லை. எண்ணுப் பெயர்களின் ஓசையே இதன் மெட்டாக அமைகிறது. இக்கட்டுரை தமிழில் வழங்கும் வடிவத்தைப் பற்றியது.

சொல்லமைப்பு

தமிழ் வாய்ப்பாட்டின் ஒவ்வோர் அடியும் இரு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதியில் பெருக்கும் எண்ணும் பெருக்கப்படும் எண்ணும் ஒரே சொல்லாகப் புணர்ந்து நிற்கும். இரண்டாம் பகுதியில் பெருக்குத்தொகை வரும். எடுத்துக்காட்டாக, ஏழாம் வாய்ப்பாட்டின் இரண்டாம் அடி "ஈரேழு பதினான்கு" என்பதாகும். "பெருக்கல்", "சமம்" ஆகிய சொற்கள் அடியில் இடம்பெறுவதில்லை. அவற்றின் வேலையை இரு பகுதிகளுக்கும் இடையே விடப்படும் சிறு நிறுத்தம் செய்கிறது.

முதற் பகுதி சுருங்குவதற்குக் காரணம், தமிழ் எண்ணுப்பெயர்கள் அடையாக வரும்போது குறுகுவதாகும். ஒன்று 'ஓர்' எனவும், இரண்டு 'ஈர்' எனவும், மூன்று 'மூ' எனவும், நான்கு 'நால்' எனவும், ஐந்து 'ஐ' எனவும் மாறும். இதனால் ஓரேழு, ஈரேழு, மூவேழு, நாலேழு, ஐயேழு எனச் சொற்கள் அமைகின்றன. ஆறு முதல் பத்து வரையிலான எண்களைப் பேச்சில் இவ்வாறு குறுக்குவதில்லை. உகரம் மட்டும் கெட்டு ஆறேழு, ஏழேழு, எட்டேழு, ஒன்பதேழு, பத்தேழு என்றாகின்றன. "ஈரேழு உலகங்கள்" என்ற வழக்கில் உள்ளதும் இதே சொல்லாக்கமே.

இச்சொல்லாக்கத்தில் தொடக்க நிலை மாணவரைக் குழப்பும் ஓர் இடம் உண்டு. அன்றாடத் தமிழில் அடுத்தடுத்த இரு எண்களைச் சேர்த்துச் சொன்னால் அது தோராயமான அளவைக் குறிக்கும். "ஆறேழு நாட்கள்" என்றால் ஆறு அல்லது ஏழு நாட்கள். "ஏழெட்டுப் பேர்" என்றால் ஏழு அல்லது எட்டுப் பேர். வாய்ப்பாட்டில் அதே ஆறேழு நாற்பத்திரண்டையும், ஏழெட்டு ஐம்பத்தாறையும் தரும். வீட்டில் ஒரு பொருளிலும் வகுப்பில் வேறொரு பொருளிலும் வரும் சொல்லைப் பிரித்தறிய, இது "ஆறு ஏழுகள்" எனப் பொருள்படும் என்பதைத் தொடக்கத்திலேயே பொருள்களை அடுக்கிக் காட்டுவது தேவையாகிறது.

தாளம்

ஓர் அடி பொதுவாக ஒரே மூச்சில் சொல்லப்படும். ஆனால் அடிகள் யாவும் ஒரே நீளம் உடையவை அல்ல. ஏழாம் வாய்ப்பாட்டில் 'ஏழு' என்ற விடையில் உயிரொலிகள் இரண்டே உள்ளன. 'நாற்பத்தொன்பது' என்பதில் ஐந்தும், 'அறுபத்துமூன்று' என்பதில் ஆறும் உள்ளன. கைதட்டலோ தொடைதட்டலோ சீராக விழ வேண்டுமானால் குறுகிய விடையை நீட்டியும் நீண்ட விடையை விரைவாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்ப்பாடு ஒப்புவிக்கும்போது கேட்கும் இழுப்பும் விரைவும் இவ்வாறே உண்டாகின்றன.

தாளத்தின் பயன் வரிசையைக் காப்பதாகும். ஓர் அடி விடுபட்டால் தட்டு வெறுமையாக விழும். சொல்பவர் தவற்றை உடனே உணர்வார். அதே வேளையில் நீண்ட விடைகளை விரைவாகச் சொல்லும் இடங்களில் சொல்லின் நடுப்பகுதி தேய்ந்துவிடும். எந்த எண்ணைச் சொன்னோம் என்பது சொன்னவருக்கே தெளிவாக இராது. வேகத்தைக் கூட்டும் முன் விடைகளை நிறுத்திச் சொல்லிப் பழகுவது இக்குறையைத் தவிர்க்கும்.

அழைப்பும் மறுமொழியும்

வாய்ப்பாடு சொல்லும் முறைகள் பல. மாணவர் எவ்வளவு நினைவுகூர வேண்டியுள்ளது என்பதைக் கொண்டு அவற்றைக் கீழ்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. எதிரொலி முறை: முன்னவர் "மூவேழு இருபத்தொன்று" என முழு அடியையும் சொல்ல, குழுவினர் அதையே திருப்பிச் சொல்வர். புதிய வாய்ப்பாட்டைத் தொடங்கும்போது இது பயன்படும். மாணவர் எதையும் நினைவுகூர வேண்டியதில்லை. கேட்டதைச் சொன்னால் போதும்.

2. வினா விடை முறை: முன்னவர் "மூவேழு" என்று நிறுத்த, குழுவினர் "இருபத்தொன்று" என்பர். இங்கு விடை நினைவிலிருந்து வர வேண்டும்.

3. பகுதி மாற்று முறை: வகுப்பு இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த அடிகளை மாறி மாறிச் சொல்லும். தம் முறை வருவதற்குள் எதிரணியின் அடியைக் கவனித்திருக்க வேண்டும்.

4. வரிசை மாற்று முறை: முன்னவர் "எட்டேழு", "மூவேழு", "ஒன்பதேழு" என ஒழுங்கின்றிக் கேட்பார். முந்தைய அடியின் துணை இல்லாமல் விடை வர வேண்டும்.

முதல் முறையோடு நின்றுவிட்டால் பாட்டு நன்றாக ஒலிக்கும். ஆனால் பெருக்கல் கைவராது. குழுவின் குரலில் தயங்குபவரின் குரல் மறைந்துவிடும் என்பதே இதற்குக் காரணம். விடை தெரியாத மாணவர் அருகிலிருப்பவரின் வாயைப் பார்த்து ஒரு நொடி பிந்தி இணைந்துகொள்வார். மறுமொழியின் தொடக்கம் சிதறலாகவும் முடிவு ஒன்றாகவும் ஒலித்தால், சிலர் மற்றவரைத் தொடர்ந்து சொல்கின்றனர் என அறியலாம். நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவாகவும், பின்னர் தனிக் குரலாகவும் சொல்லச் செய்தால் உண்மை நிலை தெரியும்.

எடுத்துக்காட்டு: ஏழாம் வாய்ப்பாடு

ஏழாம் வாய்ப்பாட்டின் விடைகள் 7, 14, 21, 28, 35, 42, 49, 56, 63, 70 என்பனவாகும். ஐந்தாம் வாய்ப்பாட்டில் ஒற்றையிட எண் 5, 0 என மாறி மாறி வருவதால் செவிக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் ஒற்றையிடத்தில் 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0 எனப் பத்து இலக்கங்களும் ஒவ்வொரு முறை வருகின்றன. எனவே ஓசையில் பிடித்துக்கொள்ளத்தக்க ஒழுங்கு எளிதில் புலப்படுவதில்லை.

ஒரு மாணவர் இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிழையின்றிப் பாடுகிறார் எனக் கொள்வோம். அவரிடம் "எட்டேழு எவ்வளவு?" எனத் தனியே கேட்டால், அவர் "ஓரேழு ஏழு" என முணுமுணுக்கத் தொடங்கி எட்டாம் அடிக்கு வந்து ஐம்பத்தாறு என்கிறார். இவருக்கு வாய்ப்பாடு ஒரு பாட்டாக மட்டுமே நினைவில் உள்ளது; தனித்தனி விடைகளாக இல்லை. நீண்ட பெருக்கல் கணக்கில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் இவ்வாறு தொடக்கத்திலிருந்து வந்தால், மீதி எடுத்துச்செல்லும் எண் மறந்துபோகும்.

இதைத் திருத்துவதற்குப் பாட்டின் இடையே சில நிலைகளை ஊன்றுகோலாக அமைக்கலாம். பத்தேழு எழுபது, அதன் பாதி ஐயேழு முப்பத்தைந்து. ஏழேழு நாற்பத்தொன்பது என்பது ஒரே எண் இரட்டித்து வருவதால் எளிதில் நிற்கும். இம்மூன்றும் உறுதியானபின், முன்னவர் "ஏழேழு" என அழைத்து விடை பெற்று, உடனே "எட்டேழு" என அழைப்பார். 49 உடன் ஒரு 7 கூட்ட 56 கிடைக்கும். அவ்வாறே எழுபதிலிருந்து ஓர் ஏழைக் குறைத்தால் ஒன்பதேழு 63 ஆகும். இப்போது மாணவர் ஓரேழிலிருந்து வர வேண்டியதில்லை; அருகிலுள்ள நிலையிலிருந்து ஓர் அடி வைத்தால் போதும். மேலும் பழகப் பழக அந்த ஓர் அடியும் தேவையற்றதாகிவிடும்.

நேரும் பிழைகள்

வாய்ப்பாட்டில் நேரும் பிழைகள் பெரும்பாலும் தற்செயலானவை அல்ல. தவறான விடை அதே வாய்ப்பாட்டின் அண்டை அடியாக இருப்பது மிகுதி. எட்டேழுக்கு 49 அல்லது 63 எனச் சொல்வது இவ்வகை. வரிசையில் இடம் தவறியதை இது காட்டுகிறது. எட்டேழுக்கு 54 எனச் சொல்பவர், ஒன்பதாறின் விடையான ஐம்பத்துநான்கை ஐம்பத்தாறோடு மாற்றிக்கொள்கிறார். முதல் வகைக்கு ஊன்றுகோல் நிலைகளும், இரண்டாம் வகைக்குக் குழம்பும் இரு அடிகளை அடுத்தடுத்துக் கேட்பதும் பயன்தரும். சிறிய எண்களைவிடப் பெரிய எண்களின் பெருக்கத்தில் தவறும் தாமதமும் மிகுதி என்பது உளவியல் ஆய்வுகளில் நன்கு அறியப்பட்ட செய்தி.

பாட்டு மறைத்துவிடும் மற்றோர் உண்மை, பெருக்கலின் பரிமாற்றுத் தன்மையாகும். எட்டேழு ஏழாம் வாய்ப்பாட்டிலும் ஏழெட்டு எட்டாம் வாய்ப்பாட்டிலும் வருவதால், அவை இரு வேறு பாட்டுகளின் அடிகளாகவே மாணவர் மனத்தில் தங்கலாம். இரண்டு முதல் ஒன்பது வரையான வாய்ப்பாடுகளில் அதே எண்களால் பெருக்கும் அடிகள் 64. இரட்டையாக வருவனவற்றை ஒன்றாகக் கொண்டால் எஞ்சுவன 36 மட்டுமே. எட்டேழு என முன்னவர் அழைக்க, குழுவினர் "ஏழெட்டு, ஐம்பத்தாறு" எனத் திருப்பிப்போட்டு மறுமொழி சொல்வது இத்தொடர்பை வெளிப்படுத்தும் ஒரு வழியாகும்.

வரலாறு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக் கல்விக்கு அடிப்படையாக இருந்த நூல் எண்சுவடி. முதலில் ஓலைச்சுவடியாகவும் பின்னர் அச்சிலும் வழங்கிய இது, முழு எண்களின் வாய்ப்பாட்டோடு பின்ன வாய்ப்பாடுகளையும் கொண்டது. அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) முதலிய பின்னங்கள் நிலம், நெல், பொன் ஆகியவற்றின் கணக்குகளுக்குத் தேவைப்பட்டன. இவை எழுதிப் பார்க்காமல் மனத்திலேயே கணக்கிடப்பட்டமையால், வாய்விட்டுச் சொல்லி மனனம் செய்வது கல்வியின் மையமாக இருந்தது.

இப்பள்ளிகளில் ஆசிரியருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவர் இருந்தார். உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் திண்ணைப் பள்ளியையும் சட்டாம்பிள்ளையையும் விவரித்துள்ளார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் கையாண்ட ஆண்ட்ரூ பெல், அதைப் பற்றி 1797 இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். உள்நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகியதைக் கண்டு அவ்வழக்கத்தை அவர் தம் பள்ளியில் ஏற்றுக்கொண்டார்.

பிற மொழிகளில்

ஜப்பானில் பெருக்கல் வாய்ப்பாடு 'குகு' எனப்படும். 'ஒன்பது ஒன்பது' என்பது இதன் பொருள். பழைய வாய்ப்பாடு ஒன்பதை ஒன்பதால் பெருக்குவதிலிருந்து தொடங்கியதால் இப்பெயர் வந்தது. கி.பி. 970 இல் எழுதப்பட்ட 'குச்சிசுசாமி' என்ற சிறுவர் பாட நூலில் அவ்வரிசையைக் காணலாம். ஒன்று முதல் ஒன்பது வரையான 81 அடிகளையும் இன்று இரண்டாம் வகுப்பில் கற்கின்றனர். விடை ஓரிலக்க எண்ணாக இருந்தால் அதற்கு முன் 'கா' என்ற இடைச்சொல் சேர்க்கப்படும். குறுகிய அடியின் ஓசையை அது நிரப்புகிறது. தமிழில் நீட்டிச் சொல்வதால் கிடைக்கும் தாள ஒழுங்கு அங்கு ஒரு சொல்லால் கிடைக்கிறது. ஏறுவரிசை, இறங்குவரிசை, ஒழுங்கற்ற வரிசை ஆகிய மூன்று வகையிலும் சொல்லப் பழக்குவது ஜப்பானிய வகுப்புகளின் வழக்கம். பாட்டின் வரிசையை மட்டும் சார்ந்திருக்கும் நிலையைத் தவிர்க்க இது உதவுகிறது.

இவற்றையும் பார்க்க

எண்சுவடி
திண்ணைப் பள்ளிக்கூடம்
தமிழ் எண்கள்
பரிமாற்றுத்தன்மை