நாவின் வடிவே எழுத்தின் வடிவு

1940-ஆம் ஆண்டில், கொரிய நாட்டின் ஆன்டோங் பகுதியில் பழைய மரக்கட்டை அச்சு நூல் ஒன்று வெளிப்பட்டது. முப்பத்து மூன்றே ஏடுகள். நாடு அப்போது ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்தது. பள்ளிகளிலிருந்து கொரிய மொழி விலக்கப்பட்டு வந்த காலம். ஜொன் ஹியொங்பில் என்னும் செல்வர் அந்நூலைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, 1945-இல் அவ்வாட்சி முடியும் வரை மறைத்து வைத்துக் காத்தார். மன்னர் செஜோங் 1443-இல் வகுத்த எழுத்துக்களுக்கு, அவர்தம் அவைப் புலவர்கள் 1446-இல் எழுதிய விளக்கவுரையே அந்நூல்.

அதுவரை இவ்வெழுத்துக்களின் பிறப்பைப் பற்றிப் பலரும் பலவாறு ஊகித்து வந்தனர். தாள் ஒட்டிய கதவின் மரச்சட்டப் பின்னலைக் கண்டு மன்னர் வடிவங்களைப் படைத்தார் என்பாரும் இருந்தனர். விளக்கவுரையோ ஐயத்திற்கு இடமின்றி, மெய்யெழுத்துக்கள் ஒலிக்கும் உறுப்புக்களின் வடிவைக் கொண்டவை என்று கூறியது.

அடிப்படை வடிவங்கள் ஐந்து. நகர ஒலியின் எழுத்து, மேலிருந்து கீழிறங்கி வலப்புறம் திரும்பும் ஒரு கோடு. ஏறத்தாழ நம் டகரத்தின் தோற்றம். இவ்வொப்புமை தற்செயலானதே. இடப்புறம் நோக்கிய முகமொன்றைப் பக்கவாட்டில் காண்பதாகக் கொண்டால் இதன் பொருள் விளங்கும். கிடைக்கோடு நாவின் உடல். மேலெழுந்த கோடு பல்லடியைத் தொட உயர்ந்த நாநுனி. ககரத்தின் எழுத்து இதனைத் தலைகீழாக்கியது போன்றது. மேலே கிடைக்கோடு, அதன் வலமுனையிலிருந்து இறங்கும் ஒரு கோடு. நாவின் அடி உயர்ந்து தொண்டை வழியை அடைக்கும் நிலை அது. மற்ற மூன்றும் நாவைக் காட்டுவன அல்ல. மகரத்திற்குச் சதுரம், நம் பகரத்தின் மேல்வாயை மூடினாற் போன்றது, அது வாய். சகரத்திற்குக் கூரைபோல் சாய்ந்த இரு கோடுகள், அது பல். தொண்டைக்கு ஒரு வட்டம்.

இவ்வைந்தை அறிந்தவர்க்குப் பெரும்பாலான பிற மெய்களைத் தனியே மனனம் செய்யும் தேவை இல்லை. நகரத்தை ஒலித்து, நாவை அங்கேயே நிறுத்தி, மூக்கின் வழியை அடைத்து ஒலித்தால் தகரம் பிறக்கும். எழுத்திலும் அதுவே நிகழ்கிறது: நகர வடிவின் தலையில் ஒரு கோடு இட, வலப்புறம் திறந்த பெட்டி போன்ற தகரம் கிடைக்கிறது. அதே தகரத்தை மூச்சை மிகுத்து ஒலித்தால், தமிழில் எழுத்தில்லாத ஓர் ஒலி. அதற்கு நடுவே மேலும் ஒரு கோடு. நா நின்ற இடம் மாறவில்லை. வடிவின் அடிப்படையும் மாறவில்லை. ஒலி வன்மையுறுந்தோறும் கோடு கூடுகிறது. மகரத்திலிருந்து பகரமும் அதன் மூச்சொலியும் இவ்வாறே பிறக்கின்றன. ஆயினும் அங்கே கோடுகள் சற்று வளைந்து கொடுத்தே அமைந்துள்ளன.

மெல்லினத்தை முதலாகக் கொண்டு வல்லினத்தைப் பெறும் இம்முறை தமிழ் கற்றோர்க்கு வியப்பளிப்பது. தகரமும் நகரமும் ஓரிடத்துப் பிறப்பன என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலும் கூறும். ஆனால் அவ்வுறவு நம் வரிவடிவில் தோன்றுவதில்லை. இலக்கணம் கற்றவரே அறிவர். கொரியத்தில் அதனைக் கண்ணே அறிகிறது.

விதி எல்லா இடத்திலும் செல்லுவதன்று. ஙகரம் ககரத்தின் இனமாதலின் அதன் வடிவைப் பெற்றிருக்க வேண்டும். விளக்கவுரையாசிரியர்களோ, அதன் ஓசை தொண்டையொலியை ஒத்தது எனக் கருதி, வட்டத்தின் மேல் சிறு காம்பு வைத்து எழுதினர். பிற்காலத்தில் காம்பு மறைந்து இரண்டும் ஒன்றாயின. இன்று அவ்வட்டம் அசையின் தொடக்கத்தில் நின்றால் ஒலியில்லை. இறுதியில் நின்றால் ஙகரம். புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று. ரகர லகரங்களுக்குப் பொதுவான எழுத்திலும் கோடுகள் கூடியிருப்பினும் அவை வன்மையைக் குறிப்பன அல்ல என்று உரையே விலக்கிவிடுகிறது.

வடிவங்கள் முற்றும் வாயிலிருந்தே வந்தனவா என்பதும் வழக்கில் உள்ளது. மங்கோலியப் பேரரசின் பக்ஸ்பா எழுத்திலிருந்து சில வடிவங்கள் பெறப்பட்டன என அமெரிக்க அறிஞர் காரி லெட்யார்ட் 1966-இல் வாதிட்டார். மன்னர் பிற எழுத்துக்களை அறிந்திருந்தார் என்பதில் வியப்பில்லை. எனினும் கோடு கூட்டும் ஒழுங்கினை அவ்வெழுத்துக்களில் காண இயலாது.

கூரியவர் ஒரு முற்பகலிலும் மந்தமானவர் பத்து நாளிலும் கற்றுவிடலாம் என்று விளக்கவுரையின் பின்னுரையில் ஜொங் இன்ஜி எழுதினார். மிகைக்கூற்று என்று தள்ளத் தோன்றலாம். ஆனால் விளக்கவுரை கைக்கெட்டாதிருந்த நூற்றாண்டுகளிலும், கல்விக்கூடம் காணாத பெண்டிரும் உழவரும் அசைகளை வரிசையாக எழுதிய அட்டவணையைக் கொண்டே இவ்வெழுத்தைக் கற்றனர். நாவின் படம் அது என்பதை அவர்களுக்குச் சொன்னவர் அரியர். ஓரிடத்து ஒலிகள் ஒரு சாயலில் இருந்தமையே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. அச்சாயலைத் தந்தது வாய்.