ஒன்று, இரண்டு, ஒன்று: மைன்ஸ்வீப்பர் எண்களின் கதை

ப்ரௌசிங் சென்டரில் நெட் கட் ஆன நேரங்களில் நான் மைன்ஸ்வீப்பரைத் திறந்து வைத்துக்கொண்டு கண்டபடி க்ளிக் பண்ணிக்கொண்டிருப்பேன். அதில் வரும் நீல 1, பச்சை 2, சிவப்பு 3 எல்லாம் ஏதோ மதிப்பெண் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு கணக்கு, ஒவ்வொரு எண்ணும் ஒரு வாக்குமூலம் என்று புரிந்தபோது விண்டோஸில் இருந்தே அந்த விளையாட்டு பழைய வடிவில் காணாமல் போயிருந்தது. விட்டதைப் பிடிக்கலாமே என்று அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

விதி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. திறந்த கட்டத்தில் ஒரு எண் இருந்தால், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் அத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று அர்த்தம். கண்ணி இல்லாத எல்லாக் கட்டங்களையும் திறந்துவிட்டால் ஜெயித்தீர்கள். அவ்வளவுதான்.

கடந்து போனால் போதும் என்றிருந்த காலம்

"பக்கத்தில் எத்தனை கண்ணி" என்று எண் சொல்லும் யோசனை மைக்ரோசாஃப்டுக்கு முன்பே இருந்தது. 1983-ல் இயான் ஆண்ட்ரூ என்பவர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக 'மைன்ட் அவுட்' என்ற விளையாட்டை எழுதினார். குவிக்சில்வா நிறுவனம் வெளியிட்டது. 1985-ல் டாஸ் கணினிகளுக்கு 'ரிலென்ட்லெஸ் லாஜிக்' வந்தது. அதில் நீங்கள் ஒரு சிப்பாய். ஒரு மூலையில் கிளம்பி, எதிர் மூலையில் இருக்கும் கட்டளை மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. நோக்கம் கண்ணிவயலைக் கடப்பதுதான், முழுக்கச் சுத்தம் செய்வது அல்ல. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் விளையாட்டின் குணமே இதில்தான் இருக்கிறது. கடந்து போனால் போதும் என்றால், சந்தேகமான இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நீ சொல்றதும் அவன் சொல்றதும் ஒத்துப் போகுதா?" என்று குறுக்கு விசாரணை செய்யும் அவசியம் அடிக்கடி வராது.

அந்த அவசியத்தைக் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்டில் இருந்த ராபர்ட் டானர், கர்ட் ஜான்சன் இருவரின் மைன்ஸ்வீப்பர். 1990-ல் விண்டோஸுக்கான 'என்டர்டெயின்மென்ட் பேக்' தொகுப்பில் வந்தது. 1992-ல் விண்டோஸ் 3.1 வெளியானபோது, அதுவரை கூடவே வந்துகொண்டிருந்த 'ரிவர்சி'யை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். இங்கே எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. பாதுகாப்பான கட்டம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் திறக்க வேண்டும். நிபுணர் நிலையில் 16-க்கு 30 கட்டங்கள், அதாவது 480. அதில் 99 கண்ணிகள். ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். கண்ணை மூடிக்கொண்டு நாலு க்ளிக் தாண்டுவதே கஷ்டம். ஆகவே எண்களைச் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

மூன்று எண்கள், ஐந்து கட்டங்கள்

அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் முதலில் கண்டுபிடிக்கும் வடிவம் 1-2-1. மேல் வரிசை இன்னும் திறக்கவில்லை. அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாம் திறந்தாயிற்று. புள்ளி என்பது திறந்த கட்டம், அதன் எண் நமக்கு இப்போது தேவையில்லை.

```
அ  ஆ  இ  ஈ  உ
.   1   2   1   .
.   .   .   .   .
```

இடது 1 தொடுவது அ, ஆ, இ மூன்றையும். அவற்றில் ஒரே ஒரு கண்ணி. நடுவில் உள்ள 2 தொடுவது ஆ, இ, ஈ. அவற்றில் இரண்டு. வலது 1 தொடுவது இ, ஈ, உ. அவற்றில் ஒன்று.

இப்போது இ-யில் கண்ணி இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இடது 1-ன் கணக்கு அதோடு தீர்ந்தது, அதனால் ஆ காலி. வலது 1-ன் கணக்கும் தீர்ந்தது, அதனால் ஈ காலி. அப்படின்னா நடுவில் இருக்கிற 2-க்கு இ ஒன்றுதான் மிச்சம். இரண்டு கேட்கிறது, ஒன்றுதான் கிடைக்கிறது. முரண்பாடு. ஆகவே இ-யில் கண்ணி இருக்க முடியாது. அப்போது 2-க்கு வேண்டிய இரண்டும் ஆ, ஈ. அவை வந்ததும் இரண்டு 1-களும் நிறைந்துவிடுவதால் அ, உ காலி. ஐந்து கட்டங்களும் ஒரே மூச்சில் முடிவாகிவிட்டன. மூன்று எண்களில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்தால் எதுவுமே சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இதன் வேர் இன்னும் சின்னது. அடுத்தடுத்து நிற்கும் 1, 2 இரண்டை மட்டும் பாருங்கள். ஆ, இ இரண்டும் இருவருக்கும் பொது. 1-க்கு மட்டும் உரியது அ, 2-க்கு மட்டும் உரியது ஈ. 2-ஐ விட்டு 1-ஐக் கழித்தால், பொதுவானவை அடிபட்டுப் போய், ஈ-யில் உள்ளது அ-வில் உள்ளதைவிட ஒன்று அதிகம் என்று வரும். ஒரு கட்டத்தில் பூஜ்யமோ ஒன்றோதான் இருக்க முடியும். ஆக ஈ கண்ணி, அ காலி. வேறு வழியே இல்லை.

இந்தக் கழித்தலைப் பிடித்துக்கொண்டால் மற்ற வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1-2-2-1 வந்தால்? இடது முனையில் ஒருமுறை, வலது முனையில் ஒருமுறை கழித்துப் பாருங்கள். இரண்டு 2-களுக்கு நேர் மேலே உள்ளவை கண்ணிகள், மற்றவை காலி என்று வந்துவிடும். 1-2-1-ல் கண்ணிகள் 1-களின் தலைமேல், 1-2-2-1-ல் 2-களின் தலைமேல்.

எங்கே சறுக்கும்

வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அடிபடும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன நிரூபணம் முழுக்க, எண்களுக்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாம் திறந்திருக்கின்றன என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. இடது 1-க்கு நேர் கீழே உள்ள கட்டம் மட்டும் இன்னும் திறக்கவில்லை என்று வையுங்கள். அதை 'ஊ' என்போம்.

```
அ  ஆ  இ  ஈ  உ
.   1   2   1   .
.   ஊ   .   .   .
```

ஊ-வை இடது 1-உம் தொடுகிறது, 2-உம் தொடுகிறது. கழித்தால் அது பொதுவில் அடிபட்டுப் போகிறது. ஆகவே ஈ கண்ணி, அ காலி என்பது இப்போதும் சரி. வலது 1 நிறைந்துவிட்டதால் இ, உ காலி என்பதும் சரி. ஆனால் மிச்சம் ஒரு கண்ணி ஆ-விலும் இருக்கலாம், ஊ-விலும் இருக்கலாம். "1-2-1 தானே" என்று ஆ-வில் கொடி நட்டுவிட்டு ஊ-வைத் திறந்தால் வெடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான் பலமுறை வெடித்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஊ-வில் கண்ணி இருப்பது வேறு வழியில் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது, அங்கே கொடி இருக்கிறது, திரையில் தெரிவது 2-3-1. அந்தக் கொடியைத் தொடும் முதல் இரண்டு எண்களிலும் ஒன்றைக் கழித்தால் 1-2-1. பழைய நண்பர் வேறு சட்டையில் வந்திருக்கிறார். அனுபவசாலிகள் திரையில் தெரியும் எண்ணைப் படிப்பதில்லை, கொடிகளைக் கழித்தபின் மிஞ்சும் எண்ணைத்தான் படிப்பார்கள்.

பர்மிங்காமில் இருந்து ஒரு கேள்வி

இப்படியே வடிவங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்தப் பலகையையும் சட்டென்று தீர்த்துவிடலாமா? 2000-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகக் கணிதவியலர் ரிச்சர்ட் கேய் இதைத் தொட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்த கேள்வி இது: சில எண்களும் சில மூடிய கட்டங்களும் உள்ள ஒரு பலகையைக் கொடுத்தால், அந்த எண்களுக்குப் பொருந்தும்படி கண்ணிகளை வைக்க முடியுமா, முடியாதா?

அவர் செய்த வேலை அழகானது. ஒரு நீண்ட வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 1, பிறகு இரண்டு மூடிய கட்டங்கள், மறுபடி ஒரு 1, மறுபடி இரண்டு மூடிய கட்டங்கள். வரிசைக்கு மேலும் கீழும் திறந்த 1-கள். ஒவ்வொரு 1-ம் இரண்டு மூடிய கட்டங்களைத் தொடுகிறது, அவற்றில் ஒன்றில்தான் கண்ணி. ஒரு முனையில் கண்ணி எங்கே என்று முடிவானால், அது அடுத்ததை முடிவாக்கும், அது அதற்கடுத்ததை. தகவல் ஒரு கம்பியில் மின்சாரம் போவதுபோல வரிசை நெடுக ஓடுகிறது! கேய் இதேபோல வளைவுகளையும், கம்பிகளைப் பிரிக்கும் கிளைகளையும், கணினிச் சுற்றுகளில் இருக்கும் தர்க்க வாயில்களையும் எண்களாலேயே கட்டிக் காட்டினார். அப்படியானால் எந்தத் தர்க்கச் சுற்றையும் ஒரு மைன்ஸ்வீப்பர் பலகையாக வரைந்துவிடலாம். அந்தக் கேள்வி என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது. எவ்வளவு பெரிய பலகைக்கும் வேகமாக விடை சொல்லும் முறை கிடைத்தால், கிளே நிறுவனம் அதே 2000-ல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த புதிருக்கும் விடை கிடைத்துவிடும். அப்படி ஒரு முறை இருக்காது என்றுதான் பெரும்பாலானோர் நம்புகிறார்கள்.

ஆனால் விளையாடுகிறவரின் கேள்வி சற்று வேறு. திரையில் இருக்கும் பலகை நிச்சயம் ஏதோ ஒரு கண்ணி அமைப்பில் இருந்து வந்ததுதான், அதில் பொருத்தம் பற்றிச் சந்தேகமே இல்லை. நமக்குத் தெரிய வேண்டியது, இந்தக் கட்டம் உறுதியாகப் பாதுகாப்பானதா என்பதுதான். 2011-ல் ஆலன் ஸ்காட், உல்ரிகே ஸ்டேகே, ஐரிஸ் வான் ரோய் மூவரும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, அந்தக் கேள்வியும் கடினமானதுதான் என்று காட்டினார்கள். பாதுகாப்பு என்று சொல்ல வேண்டுமானால், அங்கே கண்ணி இருக்கும் எந்த அமைப்பும் சாத்தியமில்லை என்று காட்ட வேண்டும். நாம் 1-2-1-ல் இ-க்குச் செய்தது அதேதான். அங்கே மூன்று வரியில் முடிந்தது. ஒரு பெரிய சிக்கலான பலகையில் அது முடியாமலே போகலாம்.

அதையும் தாண்டி, தர்க்கமே கைவிடும் இடமும் உண்டு. மூலையில் இரண்டு கட்டங்கள் மிச்சம். மீதிக் கண்ணி எண்ணிக்கை ஒன்று. சுற்றியுள்ள எண்கள் எல்லாம் இரண்டையுமே சேர்த்துத் தொடுகின்றன. எந்தக் கழித்தலும் அவற்றைப் பிரிக்காது. பாதிக்குப் பாதி. அந்த இடத்தில் உட்கார்ந்து யோசிப்பது வீண், ஏதோ ஒன்றைத் திறந்துவிட வேண்டியதுதான்.

ப்ரௌசிங் சென்டர் காலத்தில் எனக்கு எல்லாக் கட்டமுமே இப்படித்தான் தெரிந்தது. இப்போது ஒரு பலகையில் தோற்றால் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்வேன்: இது உண்மையிலேயே பாதிக்குப் பாதியா, இல்லை நான் கழிக்க மறந்துவிட்டேனா? பெரும்பாலும் இரண்டாவதுதான்.