குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரேவில் 'கிண்ணம்' போன்ற குழிவு: வைட்டமின் டி குறைபாடு என்று அர்த்தமா?

ஒன்றரை வயது குழந்தை. நடக்க ஆரம்பித்ததும் கால்கள் வளைந்திருப்பது தெரிகிறது. மணிக்கட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது. டாக்டரிடம் போனால் கையை எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார். "கால்தானே வளைஞ்சிருக்கு, கையை எதுக்கு எடுக்கணும்?" என்று பெற்றோர் குழம்புவது சகஜம்.

ரிக்கெட்ஸ் எனும் எலும்பு நோய், வேகமாக வளரும் எலும்பு முனைகளில்தான் முதலில் தெரியும். முழங்காலும் மணிக்கட்டும் அப்படிப்பட்ட இடங்கள். இரண்டு வயதுக்குள் கால் லேசாக வளைந்திருப்பது பல குழந்தைகளுக்கு இயல்பானது, தானாகவே நிமிர்ந்துவிடும். அது இயல்பான வளைவா, நோயா என்று பிரித்தறிய மணிக்கட்டு படம் உதவுகிறது.

படத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

முன்கையில் இரண்டு எலும்புகள் மணிக்கட்டு வரை வருகின்றன. ஆரோக்கியமான குழந்தைக்கு அவற்றின் முனை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல பளிச்சென்ற வெள்ளைக் கோட்டில் முடியும். அதையொட்டி இருண்ட இடைவெளியாகத் தெரிவதுதான் வளர்ச்சித் தட்டு. அது குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேவில் பதியாது. (இந்த வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகளில் இரண்டு மூன்றுதான் படத்தில் தெரியும். "மத்த எலும்பெல்லாம் எங்கே?" என்று பயப்பட வேண்டாம், அவை இன்னும் குருத்தாகவே இருக்கின்றன.)

வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்பு செல்கள் வரிசையாக வளர்ந்து, முதிர்ந்து, மடிகின்றன. அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து புது எலும்பு உருவாகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தால் முதிர்ந்த செல்கள் மடியாமல் அப்படியே குவியும், தாதுவும் படியாது. அதனால் வெள்ளைக் கோடு மறைகிறது, இருண்ட இடைவெளி அகலமாகிறது. எலும்பு முனை தேய்ந்த டூத் பிரஷ் மாதிரி பிசிறு பிசிறாகத் தெரிகிறது. பிறகு அந்த மென்மையான முனை அகன்று, கிண்ணம்போலக் குழிகிறது. கையைத் தொட்டால் தெரிகிற தடிப்பும் இதுதான். பெரும்பாலும் சுண்டுவிரல் பக்க எலும்பில் இது முதலில் தென்படும். ஆனால் அந்த எலும்பில் மட்டும் லேசான குழிவு இருந்து, விளிம்பு கூர்மையாக இருந்தால் அது இயல்பானதாகவும் இருக்கலாம்.

வைட்டமின் டி எங்கே வருகிறது?

உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உடனே பாராதைராய்டு ஹார்மோன் கூடி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். அதே ஹார்மோன் பாஸ்பேட்டை சிறுநீரில் வெளியேற்றியும் விடும். பாஸ்பேட் இறங்குவது இப்படித்தான்.

ஆக, எக்ஸ்ரே சொல்வது 'இங்கே தாது படியவில்லை' என்பதை மட்டுமே. எது குறைந்தது என்று படம் சொல்லாது. நைஜீரியாவில் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, பலருக்கு முக்கியக் குறை உணவில் கால்சியம் இல்லாததுதான் என்று தெரியவந்தது. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. பரம்பரையாக சிறுநீரகம் பாஸ்பேட்டை ஒழுகவிடும் நோயிலும் இதே மாதிரி படம் வரும்.

நம் உதாரணக் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. வைட்டமின் டி 6 நானோகிராம் (12-க்குக் கீழே போனாலே குறைபாடு). பாஸ்பேட் குறைவு, அல்கலைன் பாஸ்படேஸ் அதிகம், பாராதைராய்டு ஹார்மோனும் அதிகம். பெரும்பாலும் தாய்ப்பால்தான், வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கவில்லை, வெயிலும் படவில்லை. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

2016-ல் வெளியான சர்வதேச பரிந்துரைப்படி, 1 முதல் 12 வயது வரையிலான குழந்தைக்கு தினமும் 3,000 முதல் 6,000 யூனிட் வைட்டமின் டி, கூடவே உணவிலோ மருந்திலோ 500 மில்லிகிராம் கால்சியம், குறைந்தது 3 மாதம். அளவை முடிவு செய்வது டாக்டர்தான்.

நோய் எது என்பதை உறுதி செய்வது அடுத்த எக்ஸ்ரே. சுமார் 4 வாரத்தில் திரும்ப எடுத்தால், பிசிறு இருந்த விளிம்பில் மறுபடியும் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். காணாமல் போன தாது படியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கோடு விழவில்லை என்றால்? மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். கொடுத்தும் மாற்றமில்லை என்றால் சிறுநீரில் பாஸ்பேட் வெளியேறுகிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தேட வேண்டும். இங்கேதான் தப்பு நடக்கிறது. காரணத்தைத் தேடாமல் லட்சக்கணக்கான யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால், ரத்தத்தில் கால்சியம் ஏறி குழந்தைக்கு வாந்தி, மலச்சிக்கல் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். உண்மையான நோய் பாஸ்பேட் ஒழுக்காக இருந்தால், இதற்கிடையில் கால் வளைவு கூடிக்கொண்டே போகும்.

இன்னொன்று: எக்ஸ்ரே நார்மல் என்பதால் வைட்டமின் டி போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குறைபாடு நீடித்து, தாது படிவது தடைபட்ட பிறகுதான் படத்தில் மாற்றம் தெரியும். சிகிச்சைக்குப் பிறகும் மணிக்கட்டுதான் முதலில் தேறும். கால்கள் நிமிர மாதங்கள், சில குழந்தைகளுக்கு வருடங்கள்கூட ஆகலாம்.