எண்ணெய் புகைந்தால் கண் எரிவது ஏன்?

பெங்களூரு அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில், மாலை நேர பஜ்ஜிக் கடையின் வாணலியிலிருந்து எழும் புகை எதிர்வீட்டு சமையலறை வரை செல்லக்கூடும். கண்ணில் நீர் வரவழைத்து, தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்தப் புகைக்கு முக்கியக் காரணம், அக்ரோலின் என்ற வேதிப்பொருள்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரால் மூலக்கூறுடன் பிணைந்துள்ளன. அளவுக்கு மீறிச் சூடாகும்போது இப்பிணைப்பு உடைகிறது. பிரிந்த கிளிசரால் நீரை இழந்து அக்ரோலினாக மாறுகிறது. அக்ரோலின் 53 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் என்பதால், உருவான உடனே ஆவியாகிப் பரவுகிறது.

எண்ணெயிலிருந்து தொடர்ச்சியாகப் புகை எழத் தொடங்கும் வெப்பநிலையே அதன் புகைநிலை. சுத்திகரிக்கப்பட்ட சூரியகாந்தி, கடலை எண்ணெய்களுக்கு இது சுமார் 230 டிகிரி. செக்கில் ஆட்டிய எண்ணெய்களில் இயற்கையான கொழுப்பு அமிலங்களும் நுண்துகள்களும் எஞ்சியிருப்பதால், அவை பெரும்பாலும் இதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே புகையும்.

பஜ்ஜி பொரிக்க 170 முதல் 180 டிகிரி வரை வெப்பம் போதும். எனவே புதிய சூரியகாந்தி எண்ணெய் முதல் நாளில் புகைவதில்லை. ஆனால் மாவிலும் வாழைக்காயிலும் உள்ள நீர், சூடான எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. எண்ணெயில் தங்கும் மாவுத் துகள்களும் கருகுகின்றன. அதே எண்ணெய் நாள்தோறும் பயன்படுத்தப்பட, புகைநிலை படிப்படியாக இறங்குகிறது. தனித்த கொழுப்பு அமிலங்கள் 1 சதவீதத்தை நெருங்கும்போது அது சுமார் 160 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது அடுப்பின் தீ கூடாவிட்டாலும், வழக்கமாகப் பொரிக்கும் சூட்டிலேயே எண்ணெய் புகையும். புது எண்ணெயைக் கலப்பதால் மட்டும் பழைய எண்ணெயின் சிதைவு நீங்குவதில்லை.

பலகாரம் போட்டதும் எழும் வெண்ணிற ஆவி வெறும் நீராவி. அது விரைவில் மறையும், கண்ணை எரிக்காது. பலகாரம் இல்லாதபோதும் எழும் நீலம் கலந்த மெல்லிய புகையே எச்சரிக்கை. அடங்காத நுரை, கருத்த நிறம், பிசுபிசுப்பு ஆகியவை எண்ணெய் கெட்டதன் மற்ற அடையாளங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, எண்ணெயின் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது சிதைவால் உருவாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை, மிகு வெப்பத்தில் பொரிக்கும்போது வெளியாகும் புகையை ‘புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ பிரிவில் வைத்துள்ளது.

வாணலி புகையத் தொடங்கினால் அடுப்பை உடனே அணைத்து, ஜன்னலைத் திறக்க வேண்டும். சூடான எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறிய பிறகு, கெட்டதன் அடையாளங்கள் உள்ள எண்ணெயை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தாமல் அகற்றுவதே பாதுகாப்பானது.