இரு ஷெய்குகளின் நடைமுறை: கி.பி. 644-இல் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

சுன்னி, ஷியா வேறுபாட்டை அறிமுக வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம். நபிகள் நாயகத்துக்குப் பின் அபூபக்கர் தலைமை ஏற்றது முறையே என்போர் சுன்னிகள், அலீயே ஏற்றிருக்க வேண்டும் என்போர் ஷியாக்கள். இது பொய்யன்று. ஆனால் இதைக் கேட்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். 656-இல் அலீயும் கலீஃபா ஆகிவிட்டார். சுன்னிகளும் அவரை நேர்வழிக் கலீஃபாக்கள் நால்வரில் ஒருவராகப் போற்றுகிறார்கள். பிறகும் வழக்கு ஏன் தீரவில்லை? வழக்கு ஆளைப் பற்றியது மட்டுமன்று, அதிகாரத்தின் தன்மையைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைக் காண மிகத் தெளிவான இடம் 632 அன்று, 644 என்று கருதுகிறேன்.

632-இன் செய்திகள் சுருக்கமாக: அவ்வாண்டு மார்ச் மாதம், இறுதி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில் நபிகள் அலீயின் கையை உயர்த்தி, தாம் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா என்று அறிவித்தார்கள். இச்செய்தி சுன்னி ஹதீஸ் தொகுப்புகளிலும் உண்டு. எனவே, நடந்ததா என்பது இரு தரப்புக்கும் இடையிலான பெரிய சிக்கலன்று. மவ்லா என்ற அரபுச் சொல்லுக்குத் தலைவர், பாதுகாவலர், நேசர் எனப் பல பொருள்கள் இருப்பதுதான் சிக்கல். ஷியாக்கள் தலைவர் என்று கொண்டு, இதை நியமனமாகக் காண்கிறார்கள். யமன் பயணத்தில் அலீயோடு சென்றவர்கள் அவர்மீது சொன்ன குறைகளுக்கு மறுமொழியாக, அவரை நேசிக்கச் சொன்னதே அது என்பது சுன்னி விளக்கம். சில மாதங்களில் நபிகள் மறைந்தார்கள். அலீயும் குடும்பத்தாரும் அடக்கத்துக்கான பணிகளில் இருந்தபோது, மதீனாவாசிகளான அன்சாரிகள் பனூ சாயிதா குலத்தாரின் கூடத்தில் கூடினர். அங்கு விரைந்த அபூபக்கரும் உமரும், குறைஷியர் ஒருவருக்கே அரபுக் குலங்கள் கட்டுப்படும் என்று வாதிட்டனர். அபூபக்கருக்குப் பைஅத் செய்யப்பட்டது. அலீ சில மாதங்கள் கழித்துப் பைஅத் செய்தார் என்று சுன்னி நூல்களே பதிவு செய்கின்றன.

அபூபக்கர் தம் மரணத்துக்கு முன் உமரை நியமித்தார். 644-இல் தொழுகையின்போது கத்தியால் குத்தப்பட்ட உமர், எவரையும் பெயர் சொல்லி நியமிக்காமல் ஆறு பேர் கொண்ட ஷூரா ஒன்றை அமைத்தார். அலீ, உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், சஅத் இப்னு அபீ வக்காஸ், சுபைர், தல்ஹா ஆகியோர் அந்த அறுவர். அப்துர் ரஹ்மான் தமக்குப் பதவி வேண்டாம் என்று விலகி, தேர்வை நடத்தும் பொறுப்பை ஏற்றார். போட்டி அலீக்கும் உஸ்மானுக்கும் இடையே வந்து நின்றது. தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தியின்படி, இருவரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: இறைவேதத்தையும், நபிவழியையும், இரு ஷெய்குகளான முந்தைய கலீஃபாக்கள் அபூபக்கர், உமர் ஆகியோரின் நடைமுறையையும் பின்பற்றி ஆள்வீர்களா? உஸ்மான் தயங்காமல் ஆம் என்றார். அலீயோ தம் அறிவுக்கும் ஆற்றலுக்கும் எட்டியவரை என்று எல்லை வகுத்தார். வேதமும் நபிவழியும் இருக்க மூன்றாவது ஒன்று தேவையில்லை என்று அவர் மறுத்ததாக வேறு பதிவும் உண்டு. உஸ்மான் கலீஃபாவானார்.

அந்த மூன்றாம் நிபந்தனையில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ரமளான் இரவுகளில் பள்ளிவாசலில் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் தொழுதுகொண்டிருந்தவர்களை, உமர் தம் ஆட்சியில் ஓர் இமாமின் பின் அணிசேர்த்தார். அது புதியது என்பதை அவரே ஒப்புக்கொண்டு, நல்ல புதுமை என்றார். சுன்னிகளுக்கு அதுவே தராவீஹ் தொழுகை. நபித்தோழர்கள் ஏற்று நடந்த வழக்கம் என்பதே அவர்களுக்குச் சான்றாகப் போதுமானது. ஷியாக்கள் ரமளான் இரவின் கூடுதல் தொழுகைகளைத் தனியாகத் தொழுகிறார்கள், ஜமாஅத்தாகத் தொழுவதில்லை. கலீஃபாவுக்கு வணக்க முறையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் உரிமை இல்லை என்பது அவர்கள் நிலை. சமூகம் ஏற்றுக்கொண்ட முன்னுதாரணம் மார்க்கச் சான்றாகுமா, அல்லது மார்க்கம் எது என்று சொல்லும் உரிமை இறைவனால் அறிவு அருளப்பட்ட ஒருவருக்கே உரியதா? 644-இன் கேள்வி இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தபரீ 923-இல் மறைந்தவர். நிகழ்வுக்கும் அவர் நூலுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் பிற்காலத்தில் எந்தத் தரப்பின் நிலைக்கு உதவியது என்று பார்க்காமல் அதை எடுத்தாளக்கூடாது. மூன்றாம் நிபந்தனை அன்றே இவ்வளவு கூர்மையான சொற்களில் கேட்கப்பட்டது என்று நான் உறுதிகூற மாட்டேன். எப்படியாயினும், இக்கதையைக் கையளித்தவர்கள் தங்கள் பிணக்கு எதைப் பற்றியது என்று எண்ணினார்கள் என்பதை இது ஐயமறக் காட்டுகிறது.

அந்த எண்ணம் கோட்பாடாக உருப்பெற்றது எட்டாம் நூற்றாண்டில்தான். 680-இல் கர்பலாவில் அலீயின் மகன் ஹுசைன் கொல்லப்பட்டார். அத்துயரம் அலீயின் ஆதரவாளர்களுக்கு ஆழ்ந்த உணர்வைத் தந்தது, ஆனால் இமாம் யார் என்பதற்கு இலக்கணம் தரவில்லை. 740-இல் ஹுசைனின் பேரன் ஸைத் கூஃபாவில் வாளேந்தி எழுந்தார். நபிக்குடும்பத்தில் எழுந்து போராடுபவரே இமாம் என்பது அவர் வழிவந்தோர் கொள்கை. ஸைதின் அண்ணன் மகன் ஜஅஃபர் சாதிக் (இறப்பு 765) வேறு வழியில் சென்றார். அவர் கிளர்ச்சி செய்யவில்லை, மதீனாவில் கற்பித்தார். அவரைச் சுற்றி வளர்ந்த கோட்பாட்டில் இமாமை ஆக்குவன இரண்டு: முந்தைய இமாமின் வெளிப்படையான நியமனமாகிய நஸ்ஸு, மரபுவழி வந்த தனி அறிவாகிய இல்மு. ஆட்சி கையில் இருப்பதும் இல்லாததும் இமாமத்தைத் தொடாது. தோல்விமேல் தோல்வி கண்ட ஒரு சமூகம் சிதையாமல் நின்றதற்கு இந்தப் பிரிப்பே முதற்காரணம் என்பேன்.

சுன்னி நிலையும் 632-இல் முழுமையாகப் பிறந்துவிடவில்லை. 833-இல் அப்பாசியக் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்து, சிறையும் கசையடியும் பட்டார். பின்னர் வந்த ஒரு கலீஃபா அக்கட்டாயத்தைக் கைவிட்டார். கலீஃபா ஆளலாம், மார்க்கத்தை வரையறுக்க முடியாது, அது ஹதீஸ் அறிந்த உலமாக்களின் பணி என்ற நிலை இதனால் வலுப்பட்டது. அலீயை நான்காம் கலீஃபாவாகக் கொள்ளும் வரிசை சுன்னிகளிடம் உறுதிப்பட்டதிலும் இப்னு ஹன்பலுக்குப் பங்குண்டு. அதற்குமுன் அலீயை அவ்வரிசையில் சேர்க்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள்.

874-இல் பதினோராம் இமாம் ஹஸன் அஸ்கரீ சாமர்ராவில் மறைந்தார். அவர் மகன், பன்னிரண்டாம் இமாம், மக்கள் கண்ணிலிருந்து மறைந்து வாழ்கிறார் என்பது பன்னிரு இமாம் ஷியாக்களின் நம்பிக்கை. நான்கு பிரதிநிதிகள் அடுத்தடுத்து அவர் சார்பில் செயல்பட்டனர். நான்காமவர் 941-இல் அடுத்தவரை நியமிக்காமல் இறந்தார். அதன்பின் இங்கும் விளக்கும் பொறுப்பு அறிஞர்களிடமே வந்து சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் இருதரப்பும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டதுபோல் தெரியும். ஆனால் சுன்னி ஆலிம் பேசுவது தான் கற்ற மரபின் பெயரால். ஷியா முஜ்தஹித் பேசுவது உயிரோடிருக்கும் இமாமின் இடத்தில் நின்று. 1979-இல் இயற்றப்பட்ட ஈரான் இஸ்லாமியக் குடியரசின் அரசியலமைப்பு, அதன் ஐந்தாம் பிரிவில், பன்னிரண்டாம் இமாம் மறைந்திருக்கும் காலத்தில் நீதியும் இறையச்சமும் உள்ள சட்ட அறிஞரிடம் தலைமை இருக்கும் என்று கூறுகிறது.