கற்பூரம்: வாசனையாய் வந்து சுடரான சொல்

கோயில் வாசல் கடையில் அர்ச்சனைத் தட்டு வாங்கினால் தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் பூ, ஊதுவத்தி ஆகியவற்றோடு ஓரமாக ஒரு சின்னச் சூடப் பொட்டலமும் இருக்கும். தட்டிலேயே மிக மலிவான பொருள் அதுதான். ஆனால் அதற்கு உள்ள பெயரின் வரலாறு வங்கக் கடலைத் தாண்டிப் போகிறது.

தேங்காயைப் பொறுக்கி வாங்குவதில் காட்டும் கவனத்தை நாம் சூடத்துக்குக் காட்டுவதில்லை. காயைக் காதருகே வைத்து ஆட்டுகிறோம். தண்ணீர் தளும்பும் ஓசை கேட்க வேண்டும், கண் இருக்கும் இடம் கசிவில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். கண் கசிந்திருந்தால் உள்ளே அழுகல். சன்னிதியில் அழுகல் காய் உடைந்துவிட்டால் மனம் கலங்கத் தேவையில்லை. வேறு காய் வாங்கி வந்து கொடுத்தால் அர்ச்சகர் உடைத்துத் தருவார். ‘திருஷ்டி கழிந்தது’ என்று சொல்லித் தேற்றும் பெரியவர்களும் உண்டு.

முதலில் பிள்ளையார், பிறகு கொடிமரத்தடியில் வணக்கம், நந்தியைக் கடந்து சிவன் சன்னிதி. அர்ச்சகர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டு அர்ச்சனை செய்கிறார். குடுமியோடு இருக்கும் காயை உள்ளங்கையில் ஏந்தி, நடுவில் ஓங்கி ஒரு தட்டு. நீர் வடிகிறது, இரண்டு மூடிகள் தட்டில் அமர்கின்றன. அதன் பிறகு ஏற்றப்படுவது கற்பூரம்.

இந்தச் சொல் நமக்கு வடமொழி வழியாக வந்தது. பழைய தமிழில் ‘கருப்பூரம்’ என்ற வடிவமும் உண்டு. வடமொழிக்கு அது தென்கிழக்காசியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. மலாய் மொழியில் இன்றும் ‘காப்பூர்’ என்றால் கற்பூரம். சுண்ணாம்புக்கும் அதே பெயர். இரண்டும் வெண்மை. உயர்ந்த வகைக்கு ‘காப்பூர் பாருஸ்’ என்று பெயர். பாருஸ் என்பது சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள ஒரு துறைமுகம். அரபு மொழியின் ‘காஃபூர்’ என்பதும் இதே குடும்பம்தான்.

பாருசுக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற ஊரில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அதை வெட்டிவைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். அந்த இடத்தின் பெயரை அவர்கள் ‘வாரோசு’ என்று எழுதினார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது அந்தப் பட்டியலிலும் வாரோசு வருகிறது. கடைத்தெருவில் சரக்கின் பெயராகவே ஊர்ப்பெயர் புழங்கியிருக்கிறது.

அந்தச் சரக்கு இப்போது நம் தட்டில் இருப்பது அல்ல. சுமத்திரா, போர்னியோ காடுகளில் ஓங்கி வளரும் ஒருவகை மரத்தின் உட்பிளவுகளில் படிகமாக உறைந்து கிடப்பது அது. எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. மரத்தை வெட்டிப் பிளந்த பிறகுதான் தெரியும், பலவற்றில் ஒன்றும் இருக்காது. அதனால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அதை முகர்ந்தார்கள், சந்தனத்தோடு குழைத்துப் பூசினார்கள், வெற்றிலையோடு மென்றார்கள். தாம்பூலத்துக்கான பஞ்சவாசம் என்னும் ஐந்து மணப்பொருள்களில் ஏலம், இலவங்கம், சாதிக்காய், தக்கோலம் ஆகியவற்றோடு கற்பூரமும் ஒன்று. கண்ணன் வாயில் என்ன மணம் என்று ஆண்டாள் வெண்சங்கைக் கேட்கும்போது கற்பூரத்தைச் சொன்னது இந்த வாசனையை மனத்தில் வைத்துத்தான். திருப்பதிப் பெருமாளின் நெற்றியில் இடும் பச்சைக் கற்பூரமும், லட்டில் சேர்க்கும் துளியும் அந்தப் பழைய பயன்பாட்டின் தொடர்ச்சி.

பிறகு மலிவான கற்பூரம் வந்தது. சீனத்திலும் ஜப்பானிலும் தைவானிலும் வளரும் வேறொரு மரத்தைச் சிறாய்களாகச் சீவி, ஆவியில் வடித்து எடுப்பது அது. 1899இல் ஜப்பானிய அரசு தைவான் கற்பூரத்தைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. புகைப்படச் சுருளுக்கான செல்லுலாய்ட் செய்யக் கற்பூரம் தேவைப்பட்டதால் உலகச் சந்தையில் அதற்கு அவ்வளவு கிராக்கி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பெண்டைனைக் கொண்டு ஆலையிலேயே செய்யக் கற்றார்கள். நாம் கொளுத்தும் வில்லைகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் எரிக்க முடிவது இந்த மலிவால்தான்.

பேச்சுத் தமிழ் இரண்டு பொருளையும் பத்திரமாக வைத்திருக்கிறது. ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்ற பழமொழியில் இருப்பது முகரும் கற்பூரம். சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளையைக் ‘கற்பூர புத்தி’ என்கிறோமே, அதில் இருப்பது எரியும் கற்பூரம். எரியும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும் பின்னதைச் சேர்ந்ததே.

கற்பூரம் சாம்பல் வைக்காது என்று பெருமையாகச் சொல்வோம். நல்ல கற்பூரத்துக்கு அது உண்மை. அறைச் சூட்டிலேயே திடநிலையிலிருந்து நேராக ஆவியாகக் கூடியது அது. மெழுகு கலந்த வில்லை அப்படி அல்ல. எரிந்த இடத்தில் பிசுக்கை விட்டுவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு வில்லையைத் திறந்த கிண்ணத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். தூய்மையானது நாளடைவில் தடமில்லாமல் கரையும், மெழுகு மட்டும் மிஞ்சும். ஆனால் எவ்வளவு தூய்மையான கற்பூரமும் கரும்புகை விடாமல் எரியாது. காற்றோட்டமில்லாத கருவறையில் அந்தக் கரி சுவரிலும் விதானத்திலும் படிந்துகொண்டே போகும். அதனால்தான் பல கோயில்களில் உள்ளே சூடம் கொளுத்துவதை நிறுத்தி, நெய் விளக்கைக் காட்டுகிறார்கள். சூடம் ஏற்ற விரும்புவோருக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

சுடர் சுற்றி வரும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாரும் எதையோ கேட்கிறார்கள். என்ன கேட்பது? ஆயுள், உடல்நலம், செல்வம், மன உறுதி எல்லாவற்றையும் அர்ச்சகர் சங்கல்பத்தில் நம் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஏற்கெனவே கேட்டாயிற்று. மறுபடியும் அதே பட்டியலை ஒப்பிக்க வேண்டியதில்லை. மனத்தில் அன்றைக்கு மிகக் கனமாக இருக்கும் ஒன்றை, அது யாருக்காக என்று பெயரோடு சொன்னால் போதும் என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் என்றால் அதையே சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக வேண்டுகிறவர்கள் சுடர் வெளிச்சத்தில் தெரியும் திருமுகத்தைத் தவற விடுகிறார்கள். விளக்கு காட்டுவதே அந்த முகம் தெரிவதற்காகத்தான். கண் திறந்து பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

தட்டு நம்மிடம் வரும்போது சுடருக்கு மேல் கைகளைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். திருநீறு வாங்கிக்கொண்டு பிராகாரத்தை வலம் வருகிறோம். கருவறை எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மாவும் துர்க்கையும், அருகே சண்டிகேசுவரர். பிள்ளையாருக்கு ஒரு சுற்று, சிவனுக்கு மூன்று என்பது பெரும்பாலோர் வழக்கம். பிரதோஷத்தன்று அபிஷேக நீர் வழியும் கோமுகியைத் தாண்டாமல் திரும்பும் சோமசூக்தப் பிரதட்சிணம் வேறு கணக்கு.

நாம் கொடிமரத்தடியில் வந்து உட்காரும்போது, தாமதமாக வந்த ஒருவர் ‘சூடம் காட்டிட்டாங்களா?’ என்று கேட்பார். உள்ளே காட்டியது நெய் விளக்காக இருந்தாலும் ‘காட்டியாச்சு’ என்றுதான் பதில் வரும்.